அப்பா பார்த்தாரா?

1898 ஆகஸ்ட் மாதம். வியன்னாவின் மேற்கு ரயில் நிலையத்தில் 42 வயது மருத்துவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கோடை விடுமுறைக்கு ஆவுஸே என்ற மலையூருக்குப் போக வேண்டும். அவருடைய ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்கு முந்தைய ரயில் நடைமேடையில் நின்றது. அதில் ஏற ஆஸ்திரியாவின் பிரதமர் துன் பிரபு வந்தார். வாயிலில் நின்ற டிக்கெட் பரிசோதகருக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. டிக்கெட்டைக் கேட்டுக் கை நீட்டினார். பிரபு வாயைத் திறக்கவில்லை. போ அந்தப் பக்கம் என்பதுபோல் கையை வீசிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பார்த்துக்கொண்டிருந்த மருத்துவருக்குச் சுருக்கென்றது. மோட்சார்ட்டின் இசைநாடகத்தில் எஜமானனுக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று வேலைக்காரன் ஃபிகாரோ பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதை முணுமுணுத்தபடி, செல்வாக்கைக் காட்டி யார் யார் தனிப்பெட்டி வாங்குகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார். இன்னொரு அரசு அதிகாரிக்கு முதல் வகுப்பில் வசதியாக இடம் கிடைத்தது. இவருக்கும் முதல் வகுப்புதான், ஆனால் கழிப்பறை இல்லாத பெட்டி. ரயில்காரரிடம் முறையிட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அப்படியானால் பெட்டியின் தரையில் ஓர் ஓட்டையாவது போட்டு வையுங்கள், பயணிகளுக்கு அவசரம் வந்தால் உதவும் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

நள்ளிரவு தாண்டி இரண்டே முக்கால் மணிக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு விழிப்பு வந்தது. ஒரு நீண்ட கனவின் கடைசிக் காட்சி கண்ணிலேயே நின்றது.

கனவின் முன்பகுதி மாணவர் கூட்டம், அரசியல் பேச்சு, அறை அறையாகத் தப்பித்து ஓடுவது என்று குழப்பமாகப் போயிற்று. முடிவு மட்டும் தெளிவு. மறுபடியும் ரயில் நிலையம். பக்கத்தில் வயதான ஒருவர். அவருக்குக் கண் தெரியவில்லை, ஒரு கண்ணாவது தெரியவில்லை. மருத்துவர் அவருக்கு ஆண்கள் சிறுநீர் கழிக்கும் கண்ணாடிக் குடுவை ஒன்றைப் பிடிக்கிறார். அது நகரத்தில் வாங்கிய குடுவை, அல்லது வாங்க வேண்டிய குடுவை. இப்போது அவர் நோயாளியைக் கவனிக்கும் பணியாள். இந்தக் கோலத்தில் பார்த்தால் டிக்கெட் பரிசோதகர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார் என்று கனவுக்குள்ளேயே ஒரு கணக்கு.

அந்த மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட். கண் தெரியாத அந்தக் கிழவர் தன் அப்பா என்று அவரே பிறகு எழுதினார். அப்பா யாகோப் ஃப்ராய்ட் கம்பளி வியாபாரி. இந்தக் கனவு வந்தபோது அவர் இறந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வளர்ந்து, பிள்ளை குட்டி பெற்று, தலை நரைத்த பிறகும் அப்பாவிடமோ அம்மாவிடமோ கனவில் கைகட்டி நிற்பவர்கள் ஏராளம். அப்பா பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். ஐம்பது வயது மனிதர் ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்க நிற்பார். எழுந்த பிறகு காபி குடித்து முடிக்கும்வரை அந்தக் குன்றல் மனத்தில் இருக்கும். இது ஏன் என்று கேட்பவர்களுக்கு, ஃப்ராய்டின் இந்தக் கனவைவிடப் பயனுள்ள ஓர் எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். தன் அப்பாவின் கனவைத் தானே அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து, தனக்கே சங்கடமான தகவல்களையும் சேர்த்து அச்சில் ஏற்றியவர் அவர். 1899 நவம்பரில் வெளிவந்து, அட்டையில் 1900 என்று தேதியிட்ட அந்தக் கனவு நூலின் முதல் பதிப்பு வெறும் 600 பிரதிகள். அது விற்றுத் தீர எட்டு வருடம் பிடித்தது.

கனவின் முடிவைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போன ஃப்ராய்டுக்கு இரண்டு சிறுவயதுக் காட்சிகள் கிடைத்தன. முதலாவது, அவருக்கு இரண்டு வயது இருக்கும்போது நடந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது. அப்போதும் அவ்வப்போது படுக்கையை நனைத்துக்கொண்டிருந்த குழந்தையை அப்பா கடிந்துகொண்டார். குழந்தை அவரைத் தேற்றியது: பக்கத்து ஊர் பெரிய கடைத்தெருவிலிருந்து உங்களுக்கு அழகான சிவப்புக் கட்டில் ஒன்று வாங்கித் தருகிறேன், கவலைப்படாதீர்கள். கனவில் வந்த குடுவை ஏன் நகரத்தில் வாங்கியதாக இருந்தது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. இரண்டு வயதில் கொடுத்த வாக்கு நாற்பது வருடம் கழித்துக் குடுவையாக வந்து சேர்ந்தது.

இரண்டாவது காட்சிதான் முள். அப்போது அவருக்கு ஏழு அல்லது எட்டு வயது. ஒருநாள் இரவு தூங்கப் போகுமுன் பெற்றோரின் படுக்கையறையில், அவர்கள் கண்ணெதிரிலேயே சிறுநீர் கழித்துவிட்டான் பையன். அப்பா திட்டினார். திட்டோடு சேர்த்து, இவன் தேறமாட்டான் என்ற பொருளில் ஒரு வார்த்தையும் வந்துவிட்டது. நம் வீடுகளில் 'நீ உருப்படவே மாட்டே' என்று அரைத்தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுகிற வார்த்தைதான். சொன்னவர் மறுநாள் காலைக்குள் மறந்திருப்பார். கேட்டவன் மறக்கவில்லை.

அது தன் ஆசைகளின் மேல் விழுந்த பயங்கரமான அடி என்று ஃப்ராய்ட் எழுதுகிறார். பிறகு அவர் தரும் தகவல் இன்னும் முக்கியமானது. அந்தக் காட்சியின் சாயல் தன் கனவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறார். வரும்போதெல்லாம் கூடவே ஒரு பட்டியலும் வருகிறதாம். தான் செய்த காரியங்கள், எழுதிய கட்டுரைகள், பெற்ற வெற்றிகள். பாருங்கள், நான் ஒன்றும் உருப்படாமல் போகவில்லையே என்று யாரிடமோ கணக்கு ஒப்பிக்கிற தோரணை.

அங்கீகாரம் தேடும் கனவின் அடையாளமே இந்தத் தோரணைதான். கண்டிப்பான பெற்றோர் கனவில் வருவது ஒரு பாதி. அவர் முன்னால் நாம் எதையாவது கையில் வைத்துக்கொண்டு நிற்பது மறுபாதி. புது வீட்டுச் சாவியோ பதவி உயர்வுக் கடிதமோ பெற்ற குழந்தையோ, ஏதோ ஒன்று நீட்டப்படும். சில சமயம் அது கையிலிருந்து நழுவும், சில சமயம் எடுத்துவர மறந்துபோயிருக்கும். பெற்றோர் வெறுமனே கோபமாக வந்து போவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இதில் கனவு காண்பவர் தன் தரப்பைச் சொல்ல வந்திருக்கிறார்.

ஆனால் 1898-இல் ஏன்? அப்பா சொன்னது 1860-களில். நடுவில் முப்பத்துச் சொச்சம் வருடங்கள். இதற்கு ஃப்ராய்ட் காட்டிய வழி இன்றும் செல்லுபடியாகிறது: கனவுக்கு முந்தைய பகலைப் பார். துன் பிரபு கையை வீசிவிட்டுப் போனது, இன்னொருவருக்கு மட்டும் வசதி கிடைத்தது, தன் முறையீடு காதில் விழாதது. ஒரே பகலுக்குள் மூன்று தடவை, நீ யார் என்று கேட்கப்பட்ட மாதிரி. இதற்குப் பின்னால் ஒரு பெரிய பகலும் இருந்தது. 1885-இலிருந்தே அவர் வியன்னா பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத விரிவுரையாளர். 1897-இல் பேராசிரியர் பட்டத்துக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அமைச்சகத்திலிருந்து பதில் வரவில்லை. 1902 வரை வரவில்லை. துன் பிரபு அந்த அரசாங்கத்தின் தலைவர். அப்படியானால் ரயில் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் உள்ளே போனவர், அவரை வெளியே காக்க வைத்திருந்த அதே வாசலின் எஜமானர்.

பகலில் ஓர் அதிகாரத்தின் முன்னால் சிறுத்துப்போன மனிதன் இரவில் தன் முதல் அதிகாரியிடம் போய் நிற்கிறான். அந்த முதல் அதிகாரிக்கு வீட்டில் அப்பா என்று பெயர்.

இப்போது அந்தக் கிழவரின் கண்ணுக்கு வருவோம். யாகோபுக்கு ஒரு கண்ணில் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தது. 1885-இல் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் ஃப்ராய்ட் கோகா இலையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அதிலிருந்து எடுக்கும் கோகைன் உடம்பை மரத்துப்போகச் செய்யும் என்பதையும் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அதைக் கண் அறுவைக்குப் பயன்படுத்தலாம் என்று சோதித்து நிரூபித்து உலகப் புகழ் பெற்றவர் அவருடைய சகா கார்ல் கோலர். ஃப்ராய்ட் அப்போது ஊரில் இல்லை. நிச்சயம் செய்திருந்த பெண்ணைப் பார்க்கப் போயிருந்தார். மறு வருடம் யாகோபின் கண்ணை அறுத்தவர் கோனிக்ஸ்டைன். மருந்தைச் செலுத்தியவர் கோலர். ஃப்ராய்டும் கூட இருந்தார். கோகைனைக் கண் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த மூன்று பேரும் ஒரே அறையில் சேர்ந்துவிட்டோமே என்று கோலர் சொன்னாராம்.

மகன் உருப்பட்டதற்கு இதைவிட நேரடியான சாட்சி என்ன வேண்டும்? அவன் ஆராய்ந்த மருந்து அப்பாவின் கண்ணிலேயே விழுந்து வலியை எடுத்தது. சிவப்புக் கட்டில் வாக்குறுதி நிறைவேறியது போலத்தான் என்று ஃப்ராய்டே ஒப்பிடுகிறார். ஆனாலும் பெயர் போனது கோலருக்கு. அப்பாவின் முன்னால் வைத்த சாதனையிலும் ஒரு மாற்றுக் குறைவு.

இந்தக் கனவில் பரிவு மட்டும் இல்லை, பழிவாங்கலும் இருக்கிறது. அன்று அப்பாவின் கண்ணெதிரில் சிறுநீர் கழித்தவன் மகன். கனவில் மகனின் கண்ணெதிரில் அப்பா சிறுநீர் கழிக்கிறார், மகன் குடுவை பிடிக்கிறான். தீர்ப்புச் சொன்னவருக்கே இப்போது பிறர் துணை தேவை. இந்தத் தலைகீழ் மாற்றத்தை ஃப்ராய்ட் மறைக்கவில்லை. அங்கீகாரத்துக்கு ஏங்கும் கனவுகள் பலவற்றில் இப்படி அடியில் ஒரு கோபம் கிடக்கும். கனவில் அப்பா நோயாளியாக, வழி தெரியாதவராக, சில்லறைக்குத் தடுமாறுகிறவராக வந்தால், எழுந்ததும் நமக்கு ஒரே குற்ற உணர்ச்சி. அவரை அப்படிச் சிறிதாக்கிப் பார்த்தது யார் என்று கேட்டுப் பார்க்கத் தோன்றுவதில்லை.

ஃப்ராய்ட் அழுத்திச் சொல்லாத ஒன்றும் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. பாருங்கள் அப்பா என்று காட்ட வந்த கனவில் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகனின் திட்டமும் யார் கண்ணிலும் படாமல் தப்பிப்பதுதான். காட்ட வேண்டும் என்ற ஆசையும் பார்த்துவிடுவாரோ என்ற பயமும் ஒரே குடுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பார்த்தால் பாராட்டவும் கூடும், பழைய தீர்ப்பையே திருப்பிச் சொல்லவும் கூடும். இந்த மாதிரிக் கனவுகள் முடிவு தெரியாமலே கலைந்துபோவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

கண் இதற்கு முன்பும் ஒருமுறை வந்திருந்தது. யாகோப் இறந்தது 1896 அக்டோபர் 23. அந்த நாட்களில் வந்த கனவில் ஃப்ராய்ட் ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். கண்களை மூடுமாறு கேட்டுக்கொள்ளும் பலகை. அந்த ஜெர்மன் சொற்களுக்கு இரண்டு அர்த்தம். இறந்தவரின் கண்ணை மூடிவிடுவது பிள்ளையின் கடமை, அது ஒன்று. கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது மற்றொன்று. அப்பாவின் சவ அடக்கத்தை ஃப்ராய்ட் மிக எளிமையாக ஏற்பாடு செய்திருந்தார். அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும் என்பது அவர் எண்ணம். வீட்டில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, முடி திருத்தும் கடையில் காத்திருக்க நேர்ந்து, துக்க வீட்டுக்கே தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். கடமையில் தவறிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாரிடம் கேட்க முடியும்? கேட்க வேண்டியவரோ பெட்டிக்குள் படுத்திருந்தார்.

இந்தக் கனவில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1896 நவம்பர் 2 அன்று நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், கனவு வந்தது அடக்கத்துக்குப் பிந்தைய இரவு என்கிறார் ஃப்ராய்ட். மூன்று வருடம் கழித்து நூலில் அதே கனவு அடக்கத்துக்கு முந்தைய இரவுக்குப் போய்விட்டது. பலகையின் வாசகமும் கொஞ்சம் மாறியது. கனவு ஆராய்ச்சிக்கே தலைவரான ஒருவருக்கு இந்தக் கதி என்றால், பல வருடம் கழித்து நாம் சொல்லும் கனவு எவ்வளவு தூரம் கண்டபடி இருக்கும்? காலையில் எழுந்ததும் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஃப்ராய்டுக்குப் பிறகு கனவைப் பற்றிய அறிவு வெகுவாக மாறிவிட்டது. ஒவ்வொரு கனவும் மாறுவேடம் போட்ட ஓர் ஆசை என்ற அவருடைய மையக் கருத்தை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. அவர் கனவிலிருந்து கிளம்பிப் போகிற தூரத்தைப் பார்த்தால், அப்படிப் போனால் எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரலாமே என்ற சந்தேகம் யாருக்கும் வரும். ஆயிரக்கணக்கான கனவுக் குறிப்புகளைச் சேர்த்து, யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று எண்ணிப் பார்க்கும் முறையை அமெரிக்காவில் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காஸிலும் 1966-இல் ஒழுங்குபடுத்தினார்கள். அதே வழியில் தொடர்ந்தவர் வில்லியம் டோம்ஹாஃப். பகலில் நம் மனத்தை அரிக்கும் மனிதர்களும் கவலைகளுமே இரவிலும் வருகின்றன, பெரும்பாலும் மாறுவேடம் இல்லாமல் வருகின்றன என்பது அவர்கள் தரப்பு. அதன்படி, கனவில் அப்பா வந்தால் அவர் அநேகமாக அப்பாவேதான். அவரோடு தீராத ஏதோ ஒன்று விழித்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இறந்துபோன அப்பா எதிரில் நிற்கும்போது, இவர்தான் இறந்துவிட்டாரே என்று ஏன் தோன்றுவதில்லை? இதற்கான விளக்கம் மூளையில் கிடைக்கிறது. தூக்கத்தில் கண்விழிகள் இமைக்குள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டு என்பதை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளெயிட்மனும் வெளியிட்டார்கள். பெரியவர்களின் தூக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை இந்தக் கட்டம். விடியற்காலையில் இது நீளும். காட்சி காட்சியாக விரியும் கனவுகள் அதிகமும் இதில்தான். 1990-களில் தூங்குபவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலா போன்ற பகுதிகள் இந்தக் கட்டத்தில் சுறுசுறுப்பாக இருந்தன. சரிபார்ப்பது, நாள் கிழமை பார்ப்பது, இது நடக்குமா என்று யோசிப்பது போன்ற வேலைகளில் பங்குள்ள முன்மூளையின் மேல்பக்கம் அடங்கிக் கிடந்தது. அதாவது உணர்ச்சி விழித்திருக்கிறது, கணக்குப்பிள்ளை தூங்குகிறார். உனக்கு வயது ஐம்பது, அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆயிற்று என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஆனால் அந்த உணர்ச்சி அப்பா அம்மாவிடமே போய் ஒட்டிக்கொள்வது ஏன்? இங்கே இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உதவுகிறார். குழந்தைக்குப் பெற்றோரின் முகம் செல்லம் கொஞ்சுவதற்கான பொருள் மட்டும் இல்லை. அந்த முகம் மலர்ந்தால் சோறு உண்டு, பாதுகாப்பு உண்டு. அது கறுத்தால் எல்லாமே ஆட்டம் காணும். எனவே அந்த முகம் எப்போது மலரும், எப்போது கறுக்கும், நான் எப்படி இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படுவேன் என்பதற்கு ஒரு மாதிரியைக் குழந்தை தனக்குள்ளே கட்டிக்கொள்கிறது. பேச்சு முழுதாக வருவதற்கு முன்பே கட்டத் தொடங்கிவிடுகிறது. பிறகு ஆசிரியர், மேலதிகாரி, மாமியார் என்று யார் வந்தாலும் முதலில் அந்தப் பழைய மாதிரியில் வைத்துத்தான் மனம் அளந்து பார்க்கிறது. அலுவலகத்தில் ஒருவர் முகம் சுளித்த இரவில் இருபது வருடத்துக்கு முந்தைய அப்பா வந்து நிற்பதன் காரணம் இதில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்படி வருகிற அப்பா பெரும்பாலும் இப்போதைய அப்பா இல்லை. முட்டி வலியோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு, பேத்தியிடம் தோற்றுப்போகும் எழுபது வயதுக்காரர் அல்ல. நாற்பது வயதில் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசற்படி ஏறியவர். மனம் மாதிரியைக் கட்டிய காலத்து ஆள். வேலை கிடைத்தது, வீடு கட்டியது, பிள்ளைகள் படித்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நம் சாட்சியங்கள் எல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு வந்தவை. எத்தனை சாதித்தாலும் இந்தக் கனவு நின்றுவிடாததை இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

பரீட்சைக் கனவு இதற்கு நெருங்கிய சொந்தம். படிப்பை முடித்துப் பல வருடம் ஆனவர், கணக்குப் பரீட்சைக்குப் படிக்காமல் போய் உட்கார்ந்த மாதிரி வியர்த்து எழுவார். ஃப்ராய்ட் இதையும் பெற்றோரின் தண்டனையோடுதான் இணைத்தார். சின்ன வயதில் தண்டித்தவர்கள் அப்பா அம்மா, பிறகு அந்த வேலை வாத்தியார் கைக்குப் போயிற்று, பயம் அதேதான். இதில் வேடிக்கை என்னவென்றால், தேறிய பரீட்சைகளே இப்படிக் கனவில் வரும் என்று அவருடைய சகா ஒருவர் கவனித்துச் சொன்னார். ஃப்ராய்ட் தன்னையே சோதித்துப் பார்த்தார். தடயவியல் மருத்துவத்தில் அவர் நிஜமாகவே தோற்றவர். அந்தத் தேர்வு ஒருநாளும் கனவில் வரவில்லை. தாவரவியல், விலங்கியல், வேதியியல் என்று பயந்து பயந்து எழுதித் தேறியவையே வந்தன. அப்போதும் இப்படித்தானே பயந்தாய், என்ன ஆகிவிட்டது என்ற ஆறுதல் அதில் ஒளிந்திருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. நிஜமாகவே தோற்ற பரீட்சையைக் கனவில் திரும்ப எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கனவு வந்தவர்கள் முதலில் செய்யும் தவறு, அதைச் செய்தியாக எடுத்துக்கொள்வது. அப்பா கோபமாக வந்தாரே, திதியில் ஏதாவது குறை வைத்துவிட்டோமா என்று தேடுவார்கள். அல்லது, அவர் உயிரோடு இருந்தபோதும் நம்மை இப்படித்தான் நினைத்திருக்கிறார் என்று முடிவு கட்டுவார்கள். கனவில் வருவது நமக்குள் இருக்கும் அப்பாவின் மாதிரி. அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஃப்ராய்ட் கையாண்ட எளிய வழியே நல்லது. எழுந்ததும் கனவை எழுதி, அதன் கீழே முந்தைய நாளில் யாராவது நம்மை எடைபோட்டார்களா, ஒதுக்கினார்களா, காக்க வைத்தார்களா என்று இரண்டு வரி எழுத வேண்டும். நான்கைந்து தடவை இப்படிச் செய்தால், அப்பா எந்த நாட்களில் வருகிறார் என்பது பிடிபடும். ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தையே கெடுத்தால் விஷயம் வேறு. விழித்திருக்கும்போது அந்தக் கனவின் முடிவை மாற்றி எழுதி, மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி ஒன்றை மனநல மருத்துவர்கள் கெட்ட கனவுகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். பலருக்கு அது உதவியிருக்கிறது.

ஃப்ராய்டுக்கு அம்மா இப்படி வந்ததாகத் தெரியவில்லை. அமாலியா 95 வயது வரை, 1930 வரை வாழ்ந்தார். மூத்த மகன் அவருக்குத் தங்கம். அங்கே ஒப்பிக்க வேண்டிய கணக்கு எதுவும் இருந்ததாகத் தோன்றவில்லை. வேறு வீடுகளில் இது தலைகீழாக இருக்கும். அப்பா தோளில் கை போட்டுக்கொள்பவராக இருப்பார். கனவில் முகத்தைத் திருப்பிக்கொள்பவள் அம்மாவாக இருப்பாள்.

அப்பாவிடம் கணக்கு ஒப்பிப்பது விழித்திருக்கும்போதும் அவரை விடவில்லை. 1904-இல் தம்பி அலெக்சாண்டரோடு ஏதென்ஸுக்குப் போனார். அக்ரோபோலிஸ் குன்றின் மேல் நின்று சுற்றிலும் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் படித்த இதெல்லாம் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒரு விசித்திரமான திகைப்பு. மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் ஏதோ தடுத்தது. அந்தத் தடை என்னவென்று அவருக்குப் பிடிபட முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1936-இல், ஏறக்குறைய எண்பது வயதில், பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலாந்துக்கு எழுதிய ஒரு கட்டுரைக் கடிதத்தில் அதை விளக்கினார். அப்பா வியாபாரி, உயர்பள்ளிப் படிப்பு இல்லை, ஏதென்ஸ் அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அவர் போகாத தூரம் மகன்கள் போய்விட்டார்கள். அப்பாவைத் தாண்டிப் போவது தடைசெய்யப்பட்ட காரியம் என்பது போன்ற ஒரு குற்ற உணர்ச்சி அந்த மகிழ்ச்சியைத் தின்றுவிட்டது. அந்தக் கடிதத்தில் அவர் நெப்போலியனையும் நினைத்துக்கொள்கிறார். முடிசூட்டு விழாவின்போது அவன் தன் சகோதரன் பக்கம் திரும்பி, இதையெல்லாம் அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டானாம். அவர்களுடைய அப்பா இறந்து அப்போது 19 வருடம் ஆகியிருந்தது.

யாகோப் ஃப்ராய்ட் தன் மகனைப் பற்றி உண்மையில் என்ன நினைத்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று இருக்கிறது. மகனின் 35-ஆவது பிறந்தநாள், 1891 மே 6. மகன் சிறுவயதில் படம் பார்த்துப் படித்த குடும்ப பைபிளின் பழைய பாகங்களை எடுத்து, புதிய தோல் அட்டை போட்டுக் கட்டி, அப்பா பரிசாகக் கொடுத்தார். முன்பக்கத்தில் தன் கையால் ஒரு குறிப்பும் எழுதினார். உனக்கு ஏழு வயதானபோது தெய்வத்தின் ஆவி உன்னைத் தொட்டு, இந்தப் புத்தகத்தைப் படி, அறிவின் ஊற்றுகள் உனக்குத் திறக்கும் என்று சொல்லிற்று என்பது அதன் சாரம். அந்த ஏழு உண்மையான வயதா, அலங்காரச் சொல்லா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. எப்படியானாலும், உருப்படமாட்டான் என்று திட்டு வாங்கியதாக மகன் நினைவில் வைத்திருந்த வயதும், தெய்வம் உன்னைத் தேடி வந்தது என்று அப்பா எழுதிவைத்த வயதும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

குறிப்பு முழுவதும் எபிரேய மொழியில் இருந்தது. அந்த மொழி தனக்குத் தெரியாது என்றே ஃப்ராய்ட் பின்னாளில் சொல்லிவந்தார். ஏழு வருடம் கழித்து ரயிலில் அந்தக் கனவு வந்தது. அடுத்த வருடம் கனவு நூல் வந்தது. அதில், சிறுவயதில் அம்மாவைப் பற்றி வந்த வேறொரு கனவைச் சொல்லும் இடத்தில், அந்த பைபிளின் படங்கள் வருகின்றன. அப்பா எழுதிக்கொடுத்த பக்கம் வரவில்லை.